கொலை காலையான கதை: ஸ்கிரீன்ஷாட் படியெடுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம். செய்தித் தொலைக்காட்சி ஒன்றின் கிராபிக்ஸ் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது உங்களோடு சேர்ந்து பழைய செய்தி வீடியோக்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் படியெடுக்கிறேன். நீங்கள் கொடுத்த விதித்தாளின் முதல் வரி, "பிரேமில் உள்ள எழுத்தை எல்லாம் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக எழுதவும்" என்கிறது. அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். புத்தகப் பக்கம் என்றால் அந்த விதி சரி. டிவி பிரேம் ஒரே ஆள் எழுதிய பக்கம் இல்லை. நாலைந்து பேர் வெவ்வேறு நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது.

போன வாரம் சரிபார்க்க எனக்கு வந்த ஒரு பிரேமை எடுத்துக்கொள்கிறேன். முழங்கால் தண்ணீரில் குடையோடு ஒருவர் நிற்கிறார், பின்னால் ஒரு மெடிக்கல் கடை. படியெடுத்தவர் எழுதியிருந்தது இது: "நேரலை கோப்புக் காட்சி மெடிக்கல்ஸ் மூணு நாளா கரண்ட் இல்லை வேளச்சேரியில் வெள்ளம் காலை வழக்கில் 3 பேர் கைது பூண்டி ஏரிக்கு நீர்வர". ஒரு எழுத்துக்கூட விடவில்லை, பாவம். ஆனால் இதை வைத்துக்கொண்டு யார் எதைச் சொன்னார்கள் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

"மெடிக்கல்ஸ்" கடைப் பலகையில் இருப்பது, சேனல் போட்டதல்ல. எப்படித் தெரியும்? அவருடைய குடை அந்தப் பலகையின் ஓரத்தை மறைக்கிறது. கீழே இருக்கும் பட்டையைக் குடையோ கையோ மறைக்கவில்லை. பட்டைதான் அவர் இடுப்பை மறைக்கிறது. காட்சிக்குள் இருக்கும் எழுத்து சாயும், நிழல் வாங்கும், பொருளுக்குப் பின்னால் போகும். மேலே போட்ட எழுத்து பிரேமின் விளிம்புக்கு நேராக, தட்டையாக நிற்கும்.

"வேளச்சேரியில் வெள்ளம்" என்பது நாங்கள் ஆஸ்டன் என்று சொல்லும் கீழ்ப்பட்டை. பழைய எழுத்துக் கருவி செய்த கம்பெனியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆஸ்டன் சேனலின் கூற்று. அதற்கு மேலே பெட்டியில்லாமல், கறுப்பு ஓரம் கட்டிய வெள்ளை எழுத்தில், நடுவில் அமர்ந்திருக்கும் "மூணு நாளா கரண்ட் இல்லை" துணைத்தலைப்பு. அது நிற்பவர் வாயிலிருந்து வந்த பேச்சைச் சேனலில் யாரோ எழுத்தாக்கியது. அவர் வேறு மொழியில் பேசியிருக்கலாம், அல்லது மழை இரைச்சலில் குரல் கேட்கவில்லை என்று தமிழையே எழுத்தில் போட்டிருக்கலாம். ஒரு பிரேமில் சத்தம் இல்லை, ஆகவே எது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். "துணைத்தலைப்பு, தமிழில்" என்று குறித்தால் போதும்.

இனி கீழே ஓடும் ஸ்க்ரோல். அது வலமிருந்து இடமாக நகர்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்த நொடியில் இரண்டு ஓரத்திலும் சொல் அறுபடும். ஆங்கிலத்தில் அறுபட்டால் எழுத்து குறைகிறது, அவ்வளவுதான். தமிழில் வேறு எழுத்தாகவே மாறிவிடுகிறது. "கொ" என்பதில் ஒற்றைக் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். இடது ஓரத்தில் கொம்பு மட்டும் வெளியே போய்விட்டால் மிச்சம் "கா". கொலை வழக்கு, காலை வழக்கு ஆகிவிட்டது! வலது ஓரத்திலும் இதே வம்புதான்: "போலீஸ்" உள்ளே நுழையும்போது முதலில் தெரிவது "பே". அதனால் ஸ்க்ரோலின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் நம்பாதீர்கள். தெரிவதை அப்படியே எழுதி, அறுபட்ட பக்கம் மூன்று புள்ளி வையுங்கள். "கொலையாகத்தான் இருக்கும்" என்று நீங்களாகத் திருத்தவும் வேண்டாம். ஊகத்தைத் தனிக் குறிப்பில் எழுதலாம்.

என்னைத் தூங்கவிடாதது மேல் மூலை. அங்கே சேனல் சின்னம், அதன் கீழ் "நேரலை", அதற்கும் கீழ் சிறிய எழுத்தில் "கோப்புக் காட்சி". சின்னத்தைத் தேவையில்லை என்று விடச் சொன்னால், பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போய்விடும் என்று பார்த்திருக்கிறேன். நேரலை என்பது அந்த நேரத்து ஒளிபரப்பைப் பற்றியது. கோப்புக் காட்சி என்பது திரையில் ஓடும் படத்தைப் பற்றியது, பழைய படம் என்ற ஒப்புதல். வேளச்சேரி 2015 டிசம்பரிலும் மூழ்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கியது. அந்த இரண்டு சொல் விடுபட்டால் ஒரு வருடத்துத் தண்ணீர் இன்னொரு வருடத்துத் தண்ணீராகத் தேடலில் வந்து நிற்கும்.

அந்தப் பிரேமை நான் எழுதியது இப்படி:

```
[சின்னம், மேல் வலம்] பாதி தெரிகிறது
[சின்னத்தின் கீழ்] நேரலை
[படக் குறிப்பு] கோப்புக் காட்சி
[காட்சிக்குள், கடைப் பலகை] …மெடிக்கல்ஸ்
[துணைத்தலைப்பு] மூணு நாளா கரண்ட் இல்லை
[ஆஸ்டன்] வேளச்சேரியில் வெள்ளம்
[ஸ்க்ரோல்] …காலை வழக்கில் 3 பேர் கைது ● பூண்டி ஏரிக்கு நீர்வர…
```

கூடுதலாக ஆன நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். வீடியோவே கையில் இருந்தால் இன்னும் சுலபம். யூடியூபில் நிறுத்திவிட்டு `,` `.` விசைகளைத் தட்டினால் பிரேம் பிரேமாக நகரும். நகர்வது ஸ்க்ரோல், பேச்சோடு மாறுவது துணைத்தலைப்பு, அசையாமல் இருப்பது சின்னம். `c` விசையை அழுத்தி எழுத்து மறைந்தால் அது தனியே இணைத்த கோப்பு, மறையாவிட்டால் படத்திலேயே பதிந்தது. இந்த வித்தியாசத்தையும் குறியுங்கள், ஏனென்றால் இணைத்த கோப்பை ஒளிபரப்பியவர் அல்லாமல் யூடியூபே தானாக உருவாக்கியிருக்கவும் கூடும்.

மறுபதிவு வீடியோக்கள் தனி ரகம். காப்புரிமைப் பிடியிலிருந்து தப்ப, சிலர் படத்தை இடவலமாகப் புரட்டிப் போடுகிறார்கள். அப்போது பழைய சின்னமும் ஆஸ்டனும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிய எழுத்தாகத் தெரியும், ஆனால் நடுவில் ஒரு வாசகம் மட்டும் நேராக நிற்கும். நேராக நிற்பது புரட்டிய பிறகு ஒட்டியது, சேனல் எழுதியதல்ல. புரட்டாவிட்டாலும் கூர்மையைப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் படம் மங்குகிறது. சின்னமும் ஆஸ்டனும் புள்ளிகள் கரைந்து மங்கியிருக்க, வாசகம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது பிந்தியது. இந்த மங்கலில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான், "கல்" அங்கே "கல" ஆகும். சந்தேகம் இருந்தால் "புள்ளி தெளிவில்லை" என்று போடுங்கள்.

சினிமாக் காட்சிகளில் கீழே வரும் புகைபிடித்தல் எச்சரிக்கையைச் சிலர் வசனத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அது 2012 முதல் விதிப்படி போடுவது, கதாபாத்திரம் பேசுவதல்ல. அதற்கும் ஒரு குறி கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே முடித்த கோப்புகளை எல்லாம் மறுபடி செய்யச் சொல்லவில்லை, அத்தனை ஆள் நம்மிடம் இல்லை. வெள்ளம், கலவரம், விபத்து என்று பெயரிட்ட கோப்புறைகளை மட்டும் திறந்து, மேல் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். வெள்ளக் கோப்புறையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சரிபார்ப்பாளர்களில் ஒருவன்