தமிழ்க் குரல்களை உருவாக்குவோருக்கு: ‘பாட்டில்’ என்னும் ஒரு சொல்லை முன்வைத்து ஒரு மடல்

எழுத்தைப் பேச்சாக்கும் தமிழ்க் குரல்களை உருவாக்கும் பொறியாளர்களுக்கும் மொழியியலாளர்களுக்கும் வணக்கம்.

பார்வை மங்கிய நாள்முதல், எனக்கு வரும் பதில்களைத் திரைவாசிப்பான் வழியாகக் காதால்தான் படித்துவருகிறேன். சென்ற மாதம் இருமல் மருந்து இருக்கிறதா என்று ஒரு மருந்துக் கடையில் கேட்டிருந்தேன். “100 ml பாட்டில் 2 உள்ளது. 15ஆம் தேதிக்குள் counterல் வாங்கிக்கொள்ளவும்” என்று பதில் வந்தது. குரல் அதை ‘நூறு எம் எல்’ என்று தொடங்கியது. ‘பாட்டில்’ என்பதைப் ‘பாட்டு’ என்ற சொல்லின் ‘பா’வோடு வாசித்தது. ‘பதினைந்து’ என்று சொல்லி நிறுத்தி, யாருக்கோ ஒப்புதல் தருவதுபோல் ‘ஆம்’ என்றது. counter என்ற சொல் ஆங்கில உச்சரிப்பில் வந்துபோக, அதன் ‘ல்’ மட்டும் தனியே பின்னால் விழுந்தது. எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பது மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்குத் தெளிவாயிற்று.

இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே இடத்தில் பிறப்பவை அல்ல. அதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. அதே பதிலை ‘நூறு மில்லி’, ‘பதினைந்தாம் தேதி’, ‘கவுன்டரில்’ என்று முழுக்கத் தமிழில் எழுதி வாசிக்கவைத்தேன். மூன்றும் சரியாக ஒலித்தன. ஆகவே அங்கே குறை குரலில் இல்லை. எண்ணையும் குறுக்கத்தையும் வேற்றெழுத்துச் சொல்லையும் பேச்சுச் சொல்லாக விரித்துக் குரலிடம் தரும் முந்தைய படியில்தான் இருக்கிறது. எண்ணை அடுத்து வரும் ‘ஆம்’, ‘க்கு’, ‘இல்’ போன்றவற்றை எண்ணோடு சேர்த்தே விரிக்க வேண்டும். எழுத்து மாறும் இடத்தில் சொல்லை வெட்டாமல், உருபையும் சேர்த்து ஒரே சொல்லாகக் கொள்ள வேண்டும்.

‘பாட்டில்’ மட்டும் இந்தச் சோதனைக்குப் பிறகும் திருந்தவில்லை. இம்மடலை எழுதத் தூண்டியதும் அதுவே. தமிழில் ‘ப’ ஒரே எழுத்து. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அது ‘பல்’, ‘தப்பு’ என வன்மையாக ஒலிக்கும். மெல்லெழுத்துக்குப் பின் ‘தம்பி’யில் கேட்பதுபோல் அதிர்ந்து ஒலிக்கும். இந்த விதியை உங்கள் குரல்கள் நன்றாகக் கற்றிருக்கின்றன. ஆனால் ‘பஸ்’, ‘பயம்’, ‘பலம்’ ஆகியவற்றின் முதலெழுத்தை நாம் ‘தம்பி’யின் ஒலியோடுதான் சொல்கிறோம், ‘காந்தி’யின் முதலெழுத்தும் ‘கண்’ணின் முதலெழுத்தும் ஒன்றாக ஒலிப்பதில்லை. இங்கே விதி உதவாது. சொல்வாரியான உச்சரிப்பு அகராதி ஒன்றுதான் உதவும்.

திரைவாசிப்பானின் பேச்சு அகராதியில் நாங்களே திருத்திக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த அகராதியில் பெரும்பாலும் ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறோர் எழுத்துக்கோவையைத்தான் தர முடியும். அந்த ஒலியைச் சொல்லின் முதலில் எழுதிக் காட்டத் தமிழில் தனி எழுத்தே இல்லாதபோது, நான் எதைத் தருவது? ஆங்கில எழுத்தில் bottle என்று தந்து பார்த்தேன். மறுநாள் நண்பர் ஒருவர் “அந்தப் பாட்டில் வரும் ராகம் எது?” என்று எழுதியிருந்தார், குரல் அங்கேயும் புட்டியைத்தான் சொன்னது. ஒரே எழுத்து வடிவத்துக்கு இரண்டு சொற்கள், இரண்டு ஒலிகள். எனவே அகராதியோடு சூழலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சூழலில் தடயங்கள் நிறையவே கிடைக்கின்றன. ‘பாட்டிலை’, ‘பாட்டில்கள்’ என்று உருபோ பன்மையோ ஏற்றால் அது புட்டிதான். ‘இரண்டு பாட்டில்’ என்று எண் முன்னே வந்தாலும், ‘மருந்து’, ‘தண்ணீர்’, ‘மில்லி’ ஆகியவை அருகில் நின்றாலும் பெரும்பாலும் புட்டிதான். ‘அந்தப்’ என ஒற்று மிகுந்தால் பாடலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் பலரும் ஒற்றை விட்டுவிட்டு எழுதுவதால் அதை மட்டும் நம்ப முடியாது.

பதிலை அனுப்பும் செயலிகளைச் செய்வோரும் இதில் உதவ முடியும். பேச்சுக்கான குறியீட்டுமொழியான SSML இதற்கு இடம் தருகிறது:

```xml
<phoneme alphabet="ipa" ph="baːʈːil">பாட்டில்</phoneme>
<sub alias="பதினைந்தாம்">15ஆம்</sub> தேதிக்குள்
<sub alias="கவுன்டரில்">counterல்</sub>
```

ஆனால் குரல் இயந்திரம் `phoneme` குறியைத் தமிழுக்கு ஏற்காவிட்டால் முதல் வரியால் பயனில்லை. ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. தமிழ்க் குரல் எதுவாயினும் அந்தக் குறியை ஏற்கட்டும். பயனர் அகராதியில் எழுத்தை மட்டுமன்றி ஒலியையும் பதிய வழி செய்யுங்கள். அடுத்த பதிப்பை வெளியிடும் முன், அந்த மருந்துக் கடைப் பதிலையும் என் நண்பரின் கேள்வியையும் அடுத்தடுத்து வாசிக்கவைத்து, திரையைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குரல்களை நாள்தோறும் கேட்கும் ஒருவன்