பதினொன்றரைக்குக் கிண்டியில் வந்து நிற்க முடியாது

சென்னைக் கம்பெனிகளில் பர்ச்சேஸ், ப்ராஜெக்ட் பிரிவுகளில் உட்கார்ந்து வெளியூர் சப்ளையர்களுக்கு மீட்டிங் நேரம் குறித்துத் தரும் எல்லோருக்கும்,

வணக்கம். நான் ஆந்திர எல்லையில், தடா பக்கம் அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். ஸ்ரீசிட்டியில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு போகிறது, ஆனால் விலை பேசுவதும் சாம்பிள் ஓகே செய்வதும் பெரும்பாலும் சென்னையில்தான். தடா, சூலூர்பேட்டை, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி என்று எங்கள் பக்கத்து சின்ன யூனிட்காரர்கள் பலருக்கும் இதே நிலைமைதான், அதனால் இதை என் ஒருவனுடைய புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியூரிலிருந்து வருகிறாரே, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்து அனுப்பிவிடலாம் என்று நல்ல மனதோடுதான் நீங்கள் நேரம் போடுகிறீர்கள், அது தெரியும். ஒரு கம்பெனியிலிருந்து அண்மையில் வந்த அட்டவணையை அப்படியே தருகிறேன். காலை 10 முதல் 11 வரை அம்பத்தூர் எஸ்டேட்டில் சாம்பிள் சோதனை. 11:30 முதல் 12:30 வரை கிண்டி எஸ்டேட்டில் பர்ச்சேஸ் ஹெட். 2 மணிக்குச் சோழிங்கநல்லூரில் பேக்கேஜிங் டிசைன் டீம். கேலண்டரில் பார்த்தால் அழகாக இருக்கிறது, எதுவும் எதன் மேலும் இடிக்கவில்லை. இடையில் அரை மணி நேரம் விட்டிருக்கிறார்கள் வேறு.

சரி, அந்த அரை மணி நேரத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். பேசி முடித்து எழுந்திருக்க 11:05, சில நாள் 11:10. காலையில் உள்ளே கொண்டுபோன சாம்பிள் பெட்டிகளில் திருப்பி எடுத்து வருவதற்கு கேட் பாஸ் வேண்டும், அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் சீட்டில் இருக்க வேண்டும். செக்யூரிட்டி கேபினில் லேப்டாப்பைத் திருப்பிப் பிடித்து, அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் காலையில் எழுதிய நம்பரோடு ஒத்துப் பார்ப்பார். கழுத்தில் தொங்கும் விசிட்டர் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்து ரோட்டுக்கு வரும்போது 11:20. நீங்கள் விட்ட அரை மணியில் இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி, வண்டி அப்போதுதான் அம்பத்தூரில் நகர ஆரம்பிக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கிண்டிக்கு சுமார் 15 கிலோமீட்டர் இருக்கும். பாடி, கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் என்று நூறடி ரோட்டில் போக வேண்டும். வார நாளில் அந்த நேரத்துக்கு முக்கால் மணியிலும் போய்விடலாம், ஒன்றேகால் மணியும் ஆகலாம். எங்கள் டிரைவர் அண்ணன் சொல்வது போல, "தடாவிலேர்ந்து புழல் வரைக்கும் மணி சொல்லிடலாம் சார், கோயம்பேட்டுக்கு அப்புறம் என்னைக் கேக்காதீங்க." பிரச்சினை தூரத்தில் இல்லை. என்.எச். 16-இல் வரும் நீண்ட தூரத்துக்கு ஆகும் நேரம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை, காரனோடையைத் தாண்டியதும் எப்போது செங்குன்றம் வருவேன் என்று போனில் சொல்லிவிடலாம். ஊருக்குள் இருக்கும் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் ஒரு நாள் இருப்பது போல இன்னொரு நாள் இருப்பதில்லை.

ஆக, கிண்டி கேட்டுக்கு நான் வருவது நன்றாக ஓடினால் 12:05, மோசமாக ஓடினால் 12:35. கேட்டுக்கு வந்ததும் மீட்டிங் தொடங்கிவிடாது. பெயர் எழுதி, போட்டோ எடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்லி, உள்ளே இருப்பவர் அப்ரூவ் செய்யும் வரை ரிசப்ஷன் சோபாவில் காத்திருந்து, லிஃப்ட் ஏற இன்னொரு கால் மணி. நல்ல நாளில் 12:20-க்கு, பத்து நிமிடம் பாக்கி இருக்கும்போது உள்ளே நுழைவேன். மோசமான நாளில் 12:50, பர்ச்சேஸ் ஹெட் சாப்பிடப் போயிருப்பார். அவர் மனதில் பதிவது இது மட்டும்தான்: தடாக்காரன் லேட்.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நேரம் விடும்போது நான்கு துண்டாகப் பிரித்துப் பாருங்கள்: மீட்டிங் இழுப்பது, அங்கிருந்து வெளியே வருவது, சாலை, அடுத்த இடத்தில் உள்ளே போவது. மேப்பில் தெரிவது இதில் மூன்றாவது மட்டுமே. அதையும் எப்போது பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். அட்டவணை வரும் நேரத்தை வைத்துச் சொல்கிறேன், பெரும்பாலும் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குப் போடுகிறீர்கள், அப்போது மேப் காட்டுவது அந்த ராத்திரியின் சாலையை. கூகுள் மேப்பில் Depart at என்று இருக்கிறதே, அதில் செவ்வாய்க்கிழமை 11:20 என்று கொடுத்துப் பாருங்கள். ஒரே எண்ணாக இல்லாமல் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று காட்டும். அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி வேண்டாம், ஏனென்றால் சராசரிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு நாளில் ஒரு நாள் தாமதம்தான். இன்னொன்று, மேப்பில் பைக் படம் தேர்வாகி இருக்கிறதா கார் படமா என்றும் ஒரு கண் வையுங்கள். சாம்பிள் பெட்டிகளை பைக்கில் கட்டிக்கொண்டு வர முடியாது.

கேலண்டரில் Speedy meetings என்று ஒரு வசதி உண்டு, ஒரு மணி நேர மீட்டிங்கை 50 நிமிடத்தில் முடித்துவிடும். அதைப் போட்டுவிட்டோமே என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் கேட் பாஸுக்கே சரியாகப் போய்விடும், சாலைக்கு அதில் எதுவும் மிஞ்சாது.

அதற்காக எல்லா இடைவெளிக்கும் இரண்டு மணி நேரம் விடுங்கள் என்றும் சொல்லவில்லை. கிண்டி எஸ்டேட்டுக்குள்ளேயே இரண்டு கம்பெனி என்றால் நடந்தே போய்விடுவோம், கேட் நேரத்தையும் சேர்த்து அரை மணி தாராளம். மெட்ரோ ஓடும் வழியாக இருந்தாலும் குறைத்து விடலாம். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆட்டோவில் திருமங்கலம் வந்து மெட்ரோ ஏறினால் ஈக்காட்டுத்தாங்கல் ஆறாவது ஸ்டேஷன், கால் மணி நேரம் போல ஆகும், அங்கிருந்து கிண்டி எஸ்டேட் பக்கம்தான். மொத்தமாகப் பார்த்தால் காரைவிட ரொம்ப வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் ரயில் ஏறிய பிறகு எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று தெரியும், உங்களுக்கும் எனக்கும் அது போதும். கையில் பெட்டி இல்லாத நாளில் நான் இதைத்தான் செய்கிறேன். ஆகவே நேரம் போடும் முன் "காரா, ரயிலா, சாமான் இருக்கிறதா" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

சோழிங்கநல்லூர் கதை தனி. கிண்டியிலிருந்து 18 கிலோமீட்டர் போல இருக்கலாம், ஆனால் ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து ரோடு குறுகிக் கிடக்கிறது. போக வேண்டிய கட்டடம் எதிர்ப்பக்கம் இருந்தால் தாண்டிப் போய் யு-டர்ன் எடுத்துத் திரும்பி வர வேண்டும். நீங்கள் அனுப்பும் லொகேஷனோ பல நேரம் ஊழியர்கள் போகும் வாசலில் குத்தியிருக்கும், விசிட்டரை அங்கே விடமாட்டார்கள், கட்டடத்தைச் சுற்றி வா என்பார்கள். விசிட்டர் வாசல் எதுவோ அதன் லொகேஷனை அனுப்பினால் பத்து நிமிடம் மிச்சம்.

அந்த அட்டவணையை நான் போட்டிருந்தால் இப்படித்தான் போட்டிருப்பேன். அம்பத்தூர் 10 மணி அப்படியே இருக்கட்டும், காலையில் பைபாஸில் இறங்கி வருகிறவனுக்கு அதுதான் முதலில் வரும் இடம். கிண்டியை 2 மணிக்குத் தள்ளிவிடுவேன். நடுவில் மூன்று மணி நேரம் வீண்தானே என்று தோன்றும், ஆனால் சாப்பாடு அதற்குள் முடிந்துவிடுகிறது, அம்பத்தூரில் சோதனை முக்கால் மணி இழுத்தாலும் கிண்டி அசையாது. ஒவ்வொரு இடைவெளியிலும் பத்துப் பத்து நிமிடம் கூட்டுவதைவிட, தாமதமாகவே கூடாத ஒரு மீட்டிங்குக்கு முன்னால் மொத்தமாக விடுவது நல்லது. சோழிங்கநல்லூருக்கு அன்றைக்குப் போகவே மாட்டேன். கிண்டியில் 3 மணிக்கு முடிந்தாலும் அங்கே போய் உட்கார 4:45 ஆகிவிடும், முடித்து வெளியே வரும்போது ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் விடும் நேரம், அப்புறம் ஊரின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை கடந்து நான் எல்லைக்குப் போக வேண்டும். ரயிலில் போகலாம் என்றால், கும்மிடிப்பூண்டி வரை வண்டி கொஞ்சம் அடிக்கடி உண்டு, அதைத் தாண்டி தடா, சூலூர்பேட்டைக்குப் போகிறவை குறைவு. டிசைன் டீமில் ஒருவர் அன்றைக்குக் கிண்டி ஆபீசுக்கு வர முடியுமா என்று கேட்டிருப்பேன். ஒரே கம்பெனிதானே! முடியாது என்றால் வீடியோ காலில் பேசிக்கொள்ளலாம், டிசைன் பார்க்க நேரில் வர வேண்டியதில்லை. சாம்பிளைத் தொட்டு, அழுத்தி, கிழித்துப் பார்க்க வேண்டிய அம்பத்தூருக்குத்தான் நான் நேரில் வந்தாக வேண்டும்.

இதைவிட அதிகம் படுத்துவது, போட்ட நேரம் நகர்வது. அம்பத்தூர்க்காரர் பத்தைப் பதினொன்று ஆக்கச் சொல்கிறார், நீங்கள் அந்த ஒரு கட்டத்தை மட்டும் இழுத்து வைத்துவிடுகிறீர்கள். பயண நேரம் கேலண்டரில் எங்கேயும் எழுதப்படாமல் உங்கள் மனதில் மட்டும் இருந்ததால் அது அங்கேயே செத்துவிடுகிறது. பயணத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு, "அம்பத்தூர்–கிண்டி, சாலை" என்று பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் இடைவெளி காலியாக இருக்கிறது என்று நினைத்து உங்கள் ஆபீசிலேயே வேறொருவர் அதில் ஒரு போன் கால் போட்டுவிடுவார், எனக்கு அதுவும் நடந்திருக்கிறது. மீட்டிங்கை நகர்த்தினால் இந்தக் கட்டம் கூடவே நகராது, கையால்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது அடுத்ததில் இடிக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், மூன்று நேரம் கொடுத்து எது வசதி என்று கேட்கும்போது அந்த மூன்றும் எந்த இடத்துக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். "செவ்வாய் 10 அம்பத்தூர், அல்லது 2 கிண்டி, அம்பத்தூரை 11-க்கு மாற்றினால் கிண்டி 3" என்று எழுத ஒரு வரி கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் நான் ஒன்றை எடுத்தவுடன் மற்றது என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும், அடுத்த சப்ளையருக்கு அதே இரண்டு மணியை நீட்டிவிடவும் மாட்டீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மழை பிடித்து சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று மூடிவிட்டால் மேப் காட்டும் பெரிய எண்ணும் போதாது. அந்த மாதங்களில் ஒரு நாளுக்கு ஒரே ஒரு நேரடி மீட்டிங் போடுங்கள், அதையும் முடிந்தால் பன்னிரண்டு மணிக்குள் போடுங்கள்.

இப்படிக்கு,
தடாவிலிருந்து ஒரு அட்டைப்பெட்டிக்காரன்