மூன்று விநாடிச் சட்டத்துக்கு ஒரு மறுப்பு: கொழும்பில் வீடியோ கட்டுரை செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்காள் வீடியோவைப் பிரித்துப் பேசும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன கூட்டத்தில் ஒரு சட்டம் போட்டீர்கள்: எந்த ஷொட்டும் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, நின்றால் பார்ப்பவர் போய்விடுவார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உங்கள் வீடியோக்களில் ஆட்கள் போகும் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஸ்கிரிப்ட்தான். அன்று திரையில் போட்டுக் காட்டிய, 1942இல் ஜப்பானியர் கொழும்பில் குண்டு வீசியதைப் பற்றிய வீடியோவையே எடுத்துக்கொள்கிறேன். நல்ல விஷயம், நல்ல குரல், நிறைய உழைப்பு. ஆனால் வரிசை பிழை.

முதலில், எந்த நேரத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யூடியூப் காட்டும் அந்த கிராஃபைப் பார்ப்போம். தொடக்கத்தில் வணக்கம், லோகோ, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லும் வேண்டுகோள் எல்லாம் முடிய நாற்பது விநாடி. அங்கே கோடு செங்குத்தாக இறங்குகிறது. இதற்கு மருந்து எளிது, அந்தப் பகுதியைத் தூக்கிவிடலாம். யூடியூப் ஸ்டூடியோவில் ஏற்கெனவே போட்ட வீடியோவிலும் ஒரு துண்டை வெட்டியெடுக்க வழி உண்டு. ஆனால் புதிதாக ஒன்றைச் செருகவோ வரிசையை மாற்றவோ அங்கே முடியாது. அதனால்தான் அடுத்த சரிவு கூடுதல் முக்கியம்.

ஒரு நிமிடம் தாண்டியதும் கோடு மறுபடி விழுந்து பள்ளமாகிறது, மூன்றாவது நிமிடத்துக்குச் சற்று முன் பாதியளவு ஏறிவிடுகிறது. எல்லோரும் பள்ளத்தை மட்டும் பார்த்தீர்கள். ஏறியதை யாரும் பேசவில்லை. விழுந்த கோடு அப்படியே கிடந்தால் ஆட்கள் வெளியேறிவிட்டார்கள் என்று பொருள். விழுந்து மீண்டும் ஏறினால் விரலால் தள்ளிவிட்டு முன்னே போயிருக்கிறார்கள். அதாவது கதை அவர்களுக்கு வேண்டியிருக்கிறது, அந்தப் பகுதிதான் வேண்டாம். அந்த இடத்தில் இருந்தது போர்ப் பின்னணி: 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம், 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரின் வீழ்ச்சி, மார்ச்சில் ரங்கூன், அப்புறம் அந்தமான். படங்கள் வேகமாகத்தான் மாறின, வரைபடத்தில் அம்புகள்கூட ஓடின. இருந்தும் விழுந்தது. ஏனென்றால் அந்த நேரத்தில் பார்ப்பவரின் மனதில் ஒரு கேள்வியும் இல்லை. கேட்காத கேள்விக்கு ஒன்றரை நிமிடம் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அதை எத்தனை துண்டாக வெட்டினாலும் நீளம்தான்.

இதே வீடியோவில் ஒன்பதாவது நிமிடத்தில், "இன்னொரு சுவாரசியமான தகவல்" என்ற ஒரு வரியோடு, ரேஸ்கோஸ் வந்து போகிறது. கொழும்பு 7இல் நாம் பின்னேரம் நடக்கப் போகும், கடைகள் உள்ள அந்த ரேஸ்கோஸ். போர்க்காலத்தில் அந்தக் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக்கி வைத்திருந்தார்கள். ஜப்பானியர் இரத்மலானை விமானத் தளத்தை அறிந்திருந்தார்கள், இதை அறிந்திருக்கவில்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, இங்கிருந்தும் ஹரிகேன் போர் விமானங்கள் கிளம்பின. பாருங்கள், முழு வீடியோவையும் தாங்கக்கூடிய இரகசியத்தை உபரித் தகவலாகச் செலவழித்திருக்கிறீர்கள்!

நான் எழுதியிருந்தால் இப்படிப் போயிருப்பேன். முதல் வசனமே அன்று காலை ஏழரை மணியளவில் கொழும்பு வானம். புசிடா என்ற ஜப்பானிய அதிகாரியின் தலைமையில் விமானங்கள் வருகின்றன, இரத்மலானை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எதிர்த்து வந்த விமானங்களில் ஒரு பகுதி இரத்மலானையில் இருந்து வரவில்லை. அப்படியானால் எங்கிருந்து? அரை நிமிடத்துக்குள் கேள்வி விழுந்துவிட்டது. தலைப்பிலோ முகப்புப் படத்திலோ ரேஸ்கோஸைக் காட்டிவிடாதீர்கள், காட்டினால் இந்தக் கேள்வி செத்துவிடும்.

கேள்வியை விதைத்துவிட்டு ஒன்பது நிமிடம் மூடிவைப்பதும் கூடாது, அது ஏமாற்று. இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். முதல் நாள் கொக்கலையில் இருந்து பறந்த கட்டலீனா விமானத்தில் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி பின்னேரம் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்புகிறார், சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்படுகிறார். இங்கேதான் பார்ப்பவர் தானாகவே கேட்பார்: இவ்வளவு பெரிய படை ஏன் இந்தச் சின்னத் தீவுக்கு வந்தது? இப்போது போடுங்கள் சிங்கப்பூரையும் ரங்கூனையும், இருபது விநாடியில். அதே தகவல்தான், இந்த இடத்தில் யாரும் தள்ளமாட்டார்கள். பிறகு ஒரு குறிப்பு: அந்த இரண்டாவது ஓடுபாதை நகரத்துக்கு வெளியே இல்லை. இன்னும் சற்றுப் போய் இன்னொன்று: அங்கே முன்பு ஓடியவை விமானங்கள் அல்ல. யூகித்தவர் தன் யூகம் சரிதானா என்று பார்க்க நிற்பார், யூகிக்காதவரும் நிற்பார்.

ஐந்தாறாவது நிமிடத்தில் ரேஸ்கோஸ். இந்த இடத்தில் உங்கள் மூன்று விநாடிச் சட்டம் கெடுதலே செய்யும். கேள்வியின் கடைசிச் சொல் விழுந்ததும் வெட்டுங்கள். இன்றைய திடலின் ஷொட்டை ஆறேழு விநாடி குரல் இல்லாமல் விடுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பார்ப்பவர் தானே கண்டுபிடிக்க அந்த நேரம் தேவை. விமானச் சத்தத்தை முந்தைய காட்சியின் கடைசி ஓரிரு விநாடிகளிலேயே மெதுவாகத் தொடங்கினால் வெட்டு உறுத்தாது. மற்ற இடங்களில் எனக்கு ஒரே கணக்குத்தான்: இந்த ஷொட்டில் பார்க்க வேண்டியது பார்த்தாகிவிட்டதா? ஆகிவிட்டால் ஒரு விநாடியிலும் வெட்டலாம். திரையில் தமிழ் எழுத்துப் போட்டால் மட்டும் நீங்களே இரண்டு தரம் வாசித்து முடியும்வரை வையுங்கள். எழுதியவருக்கு அது மனப்பாடம், அதனால் எப்போதும் அவசரமாக எடுத்துவிடுவார்.

இரகசியம் உடைந்ததும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. ஆவலோடு இருந்தவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, இனி ஏன் இருக்க வேண்டும்? எனவே பதில் சொல்லும் அதே வசனத்துக்குள் அடுத்ததைத் திறக்க வேண்டும். இந்தக் கதை அதையும் தருகிறது. மறைந்திருந்த ஓடுபாதை கொழும்பைக் காப்பாற்றியதா? பெரிதாக இல்லை, ஹரிகேன்கள்தான் கூடுதலாக விழுந்தன. அன்றே டோர்செட்ஷையர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களும் கடலில் மூழ்கின. ஆனால் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோ தேடி வந்த பெரிய பிரித்தானியக் கப்பற்படை கொழும்பில் இருக்கவே இல்லை. அது எங்கே போனது? மாலைதீவின் அட்டு என்ற தீவுக்கூட்டத்தில், அதுவும் இரகசியத் துறைமுகம். ஆக ஒரு மறைவிடம் இன்னொரு மறைவிடத்தைத் திறக்கிறது. இந்த இரண்டாவதை ஒன்பதாவது நிமிடத்துக்கு வைத்தால் வீடியோவின் பின்பாதி நிற்கும்.

முடிவைப் பற்றியும் ஒரு சொல். உங்களில் பலர் "இறுதியாக", "இத்துடன்" என்று தொடங்குகிறீர்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை மூடும் பொத்தானுக்குப் போகிறது, கோடும் அங்கே விழுகிறது. அட்டுவைச் சொன்ன இருபது முப்பது விநாடியில், எச்சரிக்கை இல்லாமல் நிறுத்துங்கள்.

இன்னொன்று. ஐம்பது அறுபது பேர் பார்த்த வீடியோவின் ஒவ்வொரு பல்லுக்கும் காரணம் தேடாதீர்கள், நாலைந்து பேர் கோல் எடுக்கப் போனாலே அங்கே பள்ளம் தெரியும். எல்லா வீடியோவிலும் கோடு மெல்ல இறங்கத்தான் செய்யும், அதுவும் நோய் அல்ல. திடீரென்று உடையும் இடத்தை மட்டும் எடுங்கள். அதற்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்னால் போய், அந்த நேரத்தில் பார்ப்பவர் எதை அறியக் காத்திருந்தார் என்று ஸ்கிரிப்டின் ஓரத்தில் எழுதுங்கள். எழுத ஒன்றும் வராவிட்டால் அந்தப் பந்தியை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அடுத்த கூட்டத்துக்கு எடிட் செய்த வீடியோவுக்கு முன்னால், இப்படி ஓரம் எழுதிய ஸ்கிரிப்டைக் கொண்டுவாருங்கள். அதை உரக்க வாசித்து, நேரம் பார்த்து, அதற்குப் பிறகு கமராவைத் தொடலாம்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் பின்வரிசையில் இருக்கும் ஓர் எடிட்டர்