திருப்பணி நிறைவும் குடமுழுக்கு நாளும்: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பாலாலயத்தில் தொடங்கிய நம் திருப்பணி, விமானச் சுதை வேலையும் பிராகாரத் தளவரிசையும் முடிந்து, மூலவருக்கு அஷ்டபந்தன மருந்து சாத்தியதோடு நிறைவுற்றது. வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் பொதுக்குழுவில் வைக்கப்படும். இவ்வறிக்கை குடமுழுக்கு நாளின் ஏற்பாடுகளைப் பற்றியது மட்டுமே.

கலசங்களுக்கு நீர் வார்க்கும் வேளையில் விமானத்தின்மேல் கூட்டம் ஏறிவிடுமோ என்பதே எங்களுக்கு இருந்த பெரிய அச்சம். தளம் தாங்கினாலும் சாரப்படி தாங்காது என்று ஸ்தபதி முன்பே எச்சரித்திருந்ததால், கடம் சுமக்கும் சிவாச்சாரியார்கள், ஸ்தபதி, அவருடைய ஆட்கள் என 25 பேர் கையில் மட்டும் மஞ்சள் கயிறு கட்டி, கயிறு இல்லாதவர் எவரையும் ஏற விடவில்லை. குழுத் தலைவரே கீழே நின்றதால், பெரிய உபயதாரர்களிடம் மறுப்புச் சொல்வதும் எளிதாயிற்று.

தவறு நேர்ந்தது அதற்குப் பிறகுதான். கலசத் தீர்த்தத்தை விசைத்தெளிப்பான் கொண்டு கூட்டத்தின்மேல் தெளித்தபோது, குழாய் முனையைக் குறுக்காததால் தூறலாக விழ வேண்டிய நீர் தாரையாகக் கொட்டி, புதிதாகப் பாவிய கருங்கல் தளம் முழுதும் நனைந்தது. அந்தக் கல்லைக் கொத்துவேலையோடு சொரசொரப்பாக விடாமல் வழுவழுப்பாக இழைக்கச் சொன்னது நாங்களே. பார்வைக்கு அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மகாதீபாராதனை காண மக்கள் மகாமண்டபத்தை நோக்கி நகர்ந்தபோது மூன்று பேர் வழுக்கி விழுந்தனர். அவர்களுள் ஒரு மூதாட்டிக்கு மணிக்கட்டு பிசகியது.

அதே நேரத்தில் தரிசனம் முடித்தவர்கள் அன்னதானப் பந்தலுக்குப் போக, உள்ளே வருவோரும் வெளியேறுவோரும் கிழக்கு வாசலிலேயே எதிரெதிராக நெருக்குண்டனர். தெற்கு வாசலைத் திறக்க முடியவில்லை. சாரத்திலிருந்து இறக்கிய சவுக்குக் கம்புகளும் மிச்ச மணலும் அதன் உட்புறத்தில் குவிந்திருந்தன. ஒப்பந்தக்காரர் அவற்றை விழாவுக்குப் பின் அகற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் நாங்களே என்பதால், அவரைக் குறை சொல்ல இடமில்லை. நெரிசல் தளர ஏறத்தாழ அரைமணி நேரமாயிற்று. ஒலிபெருக்கிகள் அனைத்தும் யாகசாலைப் பக்கமே கட்டப்பட்டிருந்தமையால், காத்திருக்கும்படி நாங்கள் கேட்டுக்கொண்டது வாசலில் நின்றவர்களின் காதில் விழவே இல்லை.

மண்டலாபிஷேக நிறைவு 48ஆம் நாளில் வருகிறது. அதற்குள் தளத்தில் நடைபாதை அளவுக்குக் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்க ஸ்தபதி இசைந்துள்ளார். அதுவரை அபிஷேக நாட்களில் அங்கே சாக்கு விரிக்கப்படும். தெற்கு வாசல் துப்புரவு செய்யப்பட்டுவிட்டது. அன்று கிழக்கு வாசல் வழியே வருகையும் தெற்கு வாசல் வழியே வெளியேறுதலும் மட்டுமே இருக்கும். இரு வாசல்களிலும் ஒலிபெருக்கி கட்டப்படும். தெற்கு வாசல் சாவி காலை முதல் மெய்க்காவலரிடம் இருக்கும்.

திருப்பணிக் குழுவினர்