ஆமை முட்டையை இடம் மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

திருக்கோவில் கடற்கரையில் ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டால், சிலர் நல்லெண்ணத்தில் முட்டைகளைக் கிண்டி வேறிடத்தில் புதைக்கிறார்கள். வேண்டாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் சுமார் 29 பாகை செல்சியஸைத் தாண்டினால் பெண்கள் கூடும், குறைந்தால் ஆண்கள். நிழலுக்கு மாற்றினால் அந்தக் கணக்கே மாறிவிடும். முட்டையிட்டுச் சில மணி நேரத்துக்குப் பின் புரட்டினால் கருவே செத்துப்போகலாம்.

அப்புறம் வெளிச்சம். பெரும்பாலும் மேல்மணல் குளிர்ந்த இரவில் வெளிவரும் குஞ்சுகள், தாழ்வாக வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். இருட்டில் அது கடல். வாடியில் வெள்ளை விளக்கு எரிந்தால் அது ரோடு. காலையில் கரைப்பக்கம் திரும்பிய சிறு தடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கின் கடல் பக்கத்தையாவது மறையுங்கள்.

- வாசகர், திருக்கோவில்