எட்டு மணிக்கு இறங்கும் புகை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நீ அனுப்பிய அளவீடுகளை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்க்க நேரம் கிடைக்கட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். ஆலை இரவு முழுக்க ஒரே அளவில்தான் ஓடுகிறது, 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உங்கள் கருவியில் விடியும்வரை கந்தக டை ஆக்சைடு ஏறக்குறைய இல்லை, காலை எட்டு மணி வாக்கில் அரைமணி நேரம் மட்டும் சட்டென்று ஏறி இறங்குகிறது. கருவிதான் பழுதோ என்று கேட்டிருந்தாய். கருவி சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். ஓர் ஆலையின் புகைபோக்கியிலிருந்து அரை கிலோமீட்டரில் கருவியை வைத்து, மேகமூட்டமான நாட்களில் அளந்து, 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அளந்ததில் தவறில்லை, அளந்த இடம்தான் தவறு. புகை என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புகைபோக்கி 50 மீட்டர். சூடான புகை வாயைவிட்டு வந்த பிறகும் மேலே ஏறும் அல்லவா, அது இன்னொரு 50 மீட்டர் என்று வைத்துக்கொள். ஆக, புகைக்கற்றையின் நடுக்கோடு 100 மீட்டரில் போகிறது. இந்த மொத்த உயரம்தான் H. விநாடிக்கு 100 கிராம் வெளியேற்றம், காற்று விநாடிக்கு 3 மீட்டர். நடுக்கோட்டுக்கு நேர் கீழே தரையில் செறிவு இவ்வளவு:

```
C = Q / (π · u · σy · σz) × exp(−H² / (2 · σz²))
```

Q வெளியேற்றம், u காற்றின் வேகம். σy, σz இரண்டும் கற்றை பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்பவை. தூரம் போகப் போக வளரும். எவ்வளவு வேகமாக வளரும் என்பதைக் காற்றின் நிலைத்தன்மைதான் முடிவு செய்கிறது. 1961-இல் வானிலை ஆய்வாளர் பாஸ்குவில் அதை A முதல் F வரை ஆறு வகுப்பாகப் பிரித்தார். வெயிலில் தரை சூடாகிக் காற்று புரளும் பகல் A, B பக்கம். மேகமூட்டம் D. மேகமில்லாத, காற்றடங்கிய இரவு F.

ஒவ்வொரு வகுப்புக்கும் σy, σz கண்டுபிடிக்க, திறந்த நிலப்பரப்புக்கு பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் கொடுத்த சமன்பாடுகளைப் போட்டேன். D வகுப்பில் அரை கிலோமீட்டரில் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம்கூட இல்லை. என் பழைய அறிக்கை சொன்னது இதைத்தான். உச்சம் 2.3 கிலோமீட்டரில் வருகிறது, சுமார் 300 மைக்ரோகிராம். அதே புகை B வகுப்பில், அதாவது நல்ல வெயிலில், 600 மீட்டரிலேயே தரையைத் தொட்டு 600 மைக்ரோகிராம் காட்டுகிறது. ஆனால் 2.3 கிலோமீட்டருக்குப் போவதற்குள் 110-க்குக் கீழே மெலிந்துவிடுகிறது. F வகுப்பில் அதே 2.3 கிலோமீட்டரில் 0.2-கூட இல்லை. இரவில் ஆலையைச் சுற்றிச் சுத்தமாக இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். புகை எங்கும் கரைந்து போய்விடவில்லை, கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான்.

காற்றைப் பற்றி நீ எழுதியிருந்ததில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 'காற்று பலமாக அடித்தால் நல்லது' என்றாய். பாதி சரி. வேகம் இரட்டித்தால் அதே புகை இரட்டிப்புக் காற்றில் கலக்கிறது, உண்மைதான். ஆனால் அதே காற்று புகையை மேலே ஏறவிடாமல் சாய்த்துவிடுகிறது. மேலெழும்பும் உயரம் வேகத்துக்குத் தலைகீழாகக் குறையும். விநாடிக்கு 3 மீட்டர் காற்றில் 50 மீட்டர் ஏறிய புகை 6 மீட்டர் காற்றில் 25தான் ஏறும். D வகுப்பிலேயே போட்டுப் பார்த்தேன். காற்று 1.5 மீட்டராக இருந்தால் உச்சம் 220, 3-இல் 304, 6-இல் 308. காற்று இரட்டித்தும் உச்சம் குறையவே இல்லை, 2.3 கிலோமீட்டரில் இருந்தது ஏறக்குறைய ஒன்றரைக்கு நகர்ந்து வந்ததுதான் மிச்சம். வேகம் 12 ஆனபோதுதான் 240-க்கு இறங்கியது. ஆக, ஒவ்வொரு புகைபோக்கிக்கும் 'மோசமான காற்று' என்று ஒன்று உண்டு. இந்தக் குழாய்க்கு அது நாலரை மீட்டர் பக்கம் இருக்கிறது. பலமான காற்றிலும் புகை சுத்தமாக மேலே போக வேண்டும் என்றால் குழாயையே உயர்த்த வேண்டும். உச்சச் செறிவு H-இன் இருமடிக்குத் தலைகீழாக, பல சமயம் அதைவிட வேகமாகவே குறையும்.

இப்போது உன் எட்டு மணிக்கு வருகிறேன். உலர்ந்த காற்று மேலே போனால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி குளிரும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, மேலே போகப் போக வெப்பம் கூடும் நிலை வந்துவிடுகிறது. கீழிருந்து ஒரு பிடி காற்றை மேலே தள்ளினால் அது சுற்றியுள்ளதைவிடக் குளிர்ந்து, கனத்துத் திரும்பக் கீழேயே வந்துவிடும். கலக்கமே இல்லை. விடியற்காலையில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்திருப்பாய்: புகை விரித்த பாய்போலத் தட்டையாக, அலுங்காமல் நெடுந்தூரம் நீண்டிருக்கும். அந்த நேரத்தில் 5 கிலோமீட்டரில் தரையில் 15 மைக்ரோகிராம்தான் வருகிறது.

சூரியன் ஏறினதும் தரை சூடாகி, கீழிருந்து காற்று புரள ஆரம்பிக்கிறது. அந்தப் புரளும் அடுக்கு 50 மீட்டர், 100 மீட்டர் என்று வளர்கிறது. அதற்கு மேலே இரவின் கலங்காத காற்று ஒரு மூடிபோல இன்னும் அப்படியே இருக்கிறது. அடுக்கு புகைப் பாயின் மேல்விளிம்பை, நம் கணக்கில் சுமார் 160 மீட்டரை, எட்டும் நேரத்தில் இரவில் வரிசையாக நீண்டு கிடந்த புகை முழுவதும் தரைவரை கலந்துவிடுகிறது. மேலே தப்ப வழியில்லை. இதைத் துறையில் ஃபியூமிகேஷன் என்போம். அப்போது 5 கிலோமீட்டரில் கணக்கு சுமார் 460 சொல்கிறது. 15-இலிருந்து 460. ஆலையில் யாரும் ஒரு வால்வைக்கூடத் தொடவில்லை! கொஞ்ச நேரத்தில் அடுக்கு இன்னும் உயர்ந்து எல்லாம் மெலிந்துவிடும். 24 மணி நேரச் சராசரி மட்டும் எடுத்தால் இந்த அரைமணி கண்ணிலேயே படாது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அந்த அரைமணி போதும் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எண்களை அப்படியே நம்பிவிடாதே. காற்று 1 மீட்டருக்குக் கீழே போனால் இந்தச் சமன்பாடு நிற்காது. பக்கத்தில் உயரமான கட்டடமோ மலையோ இருந்தாலும் புகை வேறு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டு மடங்கு முன்பின் ஆகலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு மாத அளவீட்டில் ஏற்றம் தொடங்கும் நிமிடத்தையும் அன்றைய சூரிய உதய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. உதயம் நகர நகர ஏற்றமும் நகர்ந்தால், மேகம் மூடிய காலைகளில் அது வராமலே போனால், ஃபியூமிகேஷன்தான். வெயிலோ மழையோ சரியாக எட்டுக்கே வந்தால், அப்புறம் ஆலையில் அந்த நேரத்தில் எந்தக் கொதிகலனை மாற்றுகிறார்கள் என்று விசாரி. காற்றின் திசையையும் சேர்த்து எழுது. ஆலைப் பக்கமிருந்து அடிக்காத நாட்களைக் கழித்துவிடலாம்.

பட்டியல் தயாரானதும் அனுப்பு, நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
ரவி