சீருடை அளவு: சனிக்கிழமை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். தையல்காரர் மே 23, சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் குடியிருப்புக்கு வருகிறார்.

1. சட்டைத் துணியில் பாதிக்கு மேல் பருத்தி இருக்கட்டும். போன வருடம் முழு பாலியஸ்டர் எடுத்தேன். மகனுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

2. பருத்தி சுருங்கும். துணியை ஓர் இரவு நனைத்து, உலர்த்திய பிறகே கொடுங்கள்.

3. பேன்ட் கால் மடிப்பில் 3 அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், பிறகு பிரித்து இறக்கலாம். போன முறை 1 அங்குலம்தான் விட்டார்கள். தீபாவளிக்குள் கணுக்கால் தெரிந்தது! கவட்டில் இரட்டைத் தையல் கேளுங்கள், முதலில் பிரிவது அங்கேதான்.

4. பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பழைய சட்டையை வைத்து அளவெடுத்தால் சரிவராது.

எத்தனை பிள்ளைகள் என்று வியாழனுக்குள் இங்கே பதில் போடுங்கள்.